இன்னொரு லொறி வாங்கலாமா? கந்தப்பளை மரக்கறி லொறிக் கணக்கும் முடிவு மரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்ககிட்ட ரெண்டு லொறி ஓடுது. ஒரு சூப்பர் மார்க்கெட் கொம்பனி நம்ம பக்கம் மரக்கறி எடுக்கப் போகுதாம். இன்னும் ஒண்ணு வாங்குறதா, ரெண்டு வாங்குறதா, சும்மா இருக்கிறதா?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஊரும் பெயரும் மாறும், கேள்வி மாறாது. அதனால் ஒரே கதையை எடுத்து, கடைசிவரை அதையே பார்ப்போம். கதையும் அதில் உள்ள எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பில் புத்தகத்தில் உள்ள எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கந்தப்பளையில் ஒருவருக்கு இரண்டு லொறி. இரண்டும் தம்புள்ளைக்கு ஓடுகின்றன. சாயங்காலம் கழுவிய கரட் மூட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏற்றி, மேலே லீக்ஸும் கோவாவும் அடுக்கிப் படங்கு கட்டி, இரவோடு இரவாக இறங்குகிற ஓட்டம். இந்த ஓட்டம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. இப்போது ஒரு கொம்பனி இந்தப் பக்கத்தில் சேகரிப்பு நிலையம் திறந்து, பிளாஸ்டிக் கூடைகளில் கொழும்புப் பக்கக் களஞ்சியத்துக்கு மரக்கறி ஏற்றப் போகிறது. ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவு என்று இரண்டு மாதத்தில் கடிதம் வரும்.

பதில் இப்போதைக்கு: கடிதம் வரும்முன் கட்டாயம் முடிவெடுக்க வேண்டுமென்றால் ஒன்று வாங்குவதே மேல். ஆனால் லொறிகளை முற்பணம் கொடுத்துப் பிடித்து வைக்க முடிந்தால், காத்திருப்பது அதைவிட மேல். ஏன் என்பதைத்தான் கீழே முடிவு மரம் வரைந்து, கணக்கோடு சொல்கிறேன். எடுக்கக்கூடிய முடிவுகளையும் அவற்றின்பின் நடக்கக்கூடியவற்றையும் கிளை கிளையாக வரைந்த படம்தான் முடிவு மரம்.

இந்த மரத்தை எப்படி வரையணும்?

இடப்பக்கத்தில் ஒரு சதுரம். அது நீங்கள் முடிவெடுக்கும் இடம். அதிலிருந்து மூன்று கிளைகள்: வாங்காமல் இருப்பது, ஒன்று வாங்குவது, இரண்டு வாங்குவது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு வட்டம். அது உங்கள் கையில் இல்லாத இடம். அங்கிருந்து மறுபடி மூன்று கிளைகள் பிரியும்: முழு ஒப்பந்தமும் நமக்கு வந்தால் வருடத்துக்கு மேலதிகமாக 500 ஓட்டம், பாதி வந்தால் 300, ஒப்பந்தமே வேறு ஆளுக்குப் போனால் வரத்து கூடிய நாட்களில் கிடைக்கும் 100 மட்டும். ஆக ஒன்பது நுனிகள். ஒவ்வொரு நுனியிலும் ஒரு வருடத்தில் மிஞ்சும் தொகையை எழுத வேண்டும்.

வரைவது இடமிருந்து வலம், கணக்குப் பார்ப்பது வலமிருந்து இடம். சதுரத்தையும் வட்டத்தையும் கலக்காமல் இருப்பதுதான் முக்கியம். “நல்லா ஓடினா வாங்குறேன்” என்று பலர் சொல்கிறார்கள். நல்லா ஓடுமா என்பது வட்டம், வாங்குவது சதுரம். எது முன்னால் வருகிறது என்பதில்தான் மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது.

நுனியில் எழுதுற தொகையை எங்கிருந்து எடுக்கிறது?

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு லொறிக்கு இரண்டு வகைச் செலவு உண்டு: ஓடினால் வருவது, ஓடாவிட்டாலும் வருவது.

போகவர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள இந்த ஓட்டத்துக்குக் கூலி 47,000 ரூபாய் என்று வைப்போம். டீசல், சாரதிக்கும் உதவியாளுக்கும் பட்டா, டயர் தேய்மானம், ஓயில் எல்லாம் 25,000. மிச்சம் 22,000. மலை இறக்கத்தில் பிரேக் லைனிங் சமவெளியைவிடச் சீக்கிரம் தேயும். அதையும் ஓட்டச் செலவில் சேர்க்க மறக்காதீர்கள்.

ஓடாவிட்டாலும் வருவது: 75 லட்சத்துக்கு வாங்கிய பழைய லொறி ஒரு வருடத்தில் 10 லட்சம் விலை இறங்கும். 12 வீதத்தில் அந்தப் பணத்துக்கு வட்டி 9 லட்சம். சாரதி, உதவியாள் மாதச் சம்பளம் 13 லட்சம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், ஓட்டம் பார்க்காமல் வரும் திருத்த வேலைகள் 4 லட்சம். மொத்தம் 36 லட்சம். அதாவது 164 ஓட்டம் ஓடினால்தான் லொறி தன் செலவைத் தானே ஈடுகட்டும். ஒரு லொறி வருடத்துக்கு அதிகபட்சம் 250 ஓட்டம் போகும் என்று வைத்திருக்கிறேன்.

லீசிங் தவணை முழுவதையும் செலவாக எழுதிவிட்டு, அதன்மேல் விலை இறக்கத்தையும் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. தவணையில் ஒரு பங்கு முதல். அது செலவல்ல. அதை எழுதினால் லொறியை இரண்டு தடவை வாங்கியதாகிவிடும்.

நம்ம லொறியில ஏத்த முடியாத ஓட்டத்தை விட்டுடவா?

விடத் தேவையில்லை. வாடகை லொறிக்குக் கைமாற்றினால் ஓட்டத்துக்கு 3,000 ரூபாய் நிற்கும் என்று வைத்திருக்கிறேன். வாங்காமல் இருந்தாலும் நுனியில் பூச்சியம் வராததற்குக் காரணம் இதுதான். இப்போது ஒன்பது நுனிகளும், லட்சம் ரூபாயில்:

| முடிவு | முழு ஒப்பந்தம் (500) | பாதி (300) | கிடைக்கவில்லை (100) |
|---|---|---|---|
| வாங்கவில்லை | 15 | 9 | 3 |
| ஒன்று | 26.5 | 20.5 | −14 |
| இரண்டு | 38 | −6 | −50 |

ஒரு கட்டத்தைத் திறந்து காட்டுகிறேன். ஒன்று வாங்கி, முழு ஒப்பந்தமும் கிடைத்தால்: சொந்த லொறியில் 250 ஓட்டம், அதில் 55 லட்சம். 36 கழித்தால் 19. மீதி 250 ஓட்டம் வாடகை லொறியில், அதில் 7.5. இரண்டும் சேர்ந்து 26.5. மற்ற எட்டும் இதே மாதிரித்தான்.

எதிர்பார்க்கும் பண மதிப்பு எப்படிப் பார்க்கிறது?

மூன்று நிலைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் சொல்ல வேண்டும். முழு ஒப்பந்தத்துக்கு 40 வீதம், பாதிக்கு 40, கிடைக்காமல் போக 20 என்று வைப்போம். ஒவ்வொரு நுனித் தொகையையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று வாங்கினால்: 26.5 × 0.4 = 10.6, 20.5 × 0.4 = 8.2, −14 × 0.2 = −2.8. கூட்டினால் 16 லட்சம். இதே வழியில் வாங்காமல் இருந்தால் 10.2, இரண்டு வாங்கினால் 2.8. ஆக, ஒன்று.

இரண்டு வாங்குவது இவ்வளவு கீழே போனது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். முழு ஒப்பந்தம் வந்தால் அதுதானே 38 லட்சம் தருகிறது என்பார்கள். தருகிறதுதான். ஆனால் பாதி வந்தால்கூட அது நட்டம். 300 ஓட்டத்தை இரண்டு லொறி பிரித்துக்கொண்டால் ஒன்றுக்கு 150தான். 164ஐத் தொடாது.

அப்போ 16 லட்சம் கையில வருமா?

வராது. கையில் வரப்போவது 26.5, 20.5, அல்லது 14 லட்சம் நட்டம். 16 என்பது மூன்று முடிவுகளையும் ஒரே தராசில் நிறுக்க உதவும் எண். வங்கிக்குக் கொடுக்கும் திட்டத்தில் அதை வருமானமாக எழுதாதீர்கள்.

40, 40, 20ன்னு நீங்களா போட்டுட்டீங்க. அது தப்பா இருந்தா?

நியாயமான கேள்வி. வாய்ப்பைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் எண் சரியா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல், அது எவ்வளவு மாறினால் முடிவு மாறும் என்று பாருங்கள்.

முழு ஒப்பந்தத்தின் 40ஐ அப்படியே வைத்து, பாதியிலிருந்து எடுத்துக் “கிடைக்கவில்லை”யில் போட்டுக்கொண்டே போங்கள். 20 வீதம் 40 ஆகும்வரை, ஒன்று வாங்குவதுதான் மேலே நிற்கிறது. அங்கே ஒன்று வாங்கினால் 9.1, வாங்காவிட்டால் 9.0. அதைத் தாண்டினால் வாங்காமல் இருப்பது மேல். மறுபக்கம், கிடைக்காத வாய்ப்பை 20இலேயே நிறுத்தினால், முழு ஒப்பந்தத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 75 வீதம் ஆனால்தான் இரண்டு வாங்குவது முந்தும். ஆகவே, “கிடைக்காமல் போக பத்தில் நான்கு வாய்ப்பு இருக்கிறதா?” என்று உங்களை நீங்களே கேளுங்கள். 20ஆ 23ஆ என்பதைவிட இதற்குப் பதில் சொல்வது சுலபம்.

பழைய பில் புத்தகத்திலிருந்து வாய்ப்பை எடுப்பவர்கள் 2021, 2022 பக்கங்களைக் கவனமாகப் பாருங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடையால் விளைச்சல் விழுந்தது. 2022இல் டீசல் வரிசை, பிறகு கியூஆர் அட்டைக்கு அளந்து கொடுத்த டீசல். அவற்றைச் சாதாரண வருடமாக எண்ணினால் பயந்தே இருந்துவிடுவீர்கள். கிழித்துப் போட்டால் கெட்ட வருடம் வரவே வராது என்று நம்புவீர்கள். அந்த வருடங்கள் “கிடைக்கவில்லை” கிளை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைச் சொல்கின்றன. எத்தனை தடவை வரும் என்பதை அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

முன்கூட்டியே தெரிஞ்சா எவ்வளவு லாபம்? அதுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கடிதத்தில் என்ன இருக்கும் என்று இன்றே தவறாமல் தெரியும் என்று நினையுங்கள். முழு ஒப்பந்தம் என்றால் இரண்டு வாங்குவீர்கள்: 38. பாதி என்றால் ஒன்று: 20.5. இல்லை என்றால் வாங்கமாட்டீர்கள்: 3. எது வரும் என்பது இன்னும் 40, 40, 20தான். எனவே 38 × 0.4 + 20.5 × 0.4 + 3 × 0.2 = 24 லட்சம்.

தெரியாமல் எடுத்த சிறந்த முடிவு 16. தெரிந்து எடுத்தால் 24. இடைவெளி 8 லட்சம். முழுத் தகவலின் மதிப்பு என்பது இதுதான். இந்த விஷயத்தில் தெரிந்துகொள்வதற்காக நீங்கள் செய்யும் எந்தச் செலவுக்கும் இது மேல் எல்லை. 8 லட்சத்துக்கு மேல் கேட்கும் எந்தத் தகவலும் வேண்டாம், அது கடவுள் வாக்காகவே இருந்தாலும்.

கணக்குச் சரியா என்று இன்னொரு வழியில் பார்க்கலாம். ஒன்று வாங்கியபின் வருந்த வேண்டிய தொகை எவ்வளவு? முழு ஒப்பந்தம் வந்தால், இரண்டு வாங்கியிருக்கலாமே என்று 11.5. பாதி வந்தால் வருத்தமில்லை. வராமல் போனால் 17. வாய்ப்பால் பெருக்கினால் 4.6 + 0 + 3.4 = 8. இரண்டு வழியிலும் ஒரே எண் வரவில்லையென்றால் எங்கோ ஒரு கட்டத்தில் பிழை இருக்கிறது.

கடிதம் வரும்வரை லொறிக்காரர் காத்திருக்கமாட்டாரே?

சும்மா காத்திருக்கமாட்டார், முற்பணம் கொடுத்தால் காத்திருப்பார். லொறிக்கு 3 லட்சம் என்று வைப்போம். இரண்டு மாதத்துக்குள் வாங்கினால் விலையில் கழியும், வாங்காவிட்டால் போய்விடும்.

இப்போது மரத்தில் புதிய கிளை ஒன்று: இரண்டு லொறிக்கும் முற்பணம் கொடுத்துக் காத்திரு. இதில் வட்டம் முன்னால், சதுரம் பின்னால். முழு ஒப்பந்தம் வந்தால் இரண்டையும் எடுப்பீர்கள், 38. பாதி வந்தால் ஒன்றை எடுத்து, மற்றதன் 3 லட்சத்தை விடுவீர்கள், 17.5. வராவிட்டால் இரண்டையும் விட்டு 3 − 6 = −3. வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 21.6 லட்சம். இன்றே ஒன்று வாங்குவதைவிட 5.6 லட்சம் மேல். எட்டு லட்சம் பெறுமதியான தகவலுக்கு நீங்கள் சராசரியாகக் கொடுக்கும் விலை 2.4 லட்சம்தான்.

“இன்றே ஒன்றை வாங்கிவிட்டு, இரண்டாவதற்கு மட்டும் முற்பணம்” என்று ஒருவர் கேட்டார். அது 18.8 தருகிறது. ஒன்றுக்கு மட்டும் முற்பணம் கொடுத்துக் காத்திருந்தாலும் அதே 18.8தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஒப்பந்த ஓட்டம் கடிதம் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதனால் காத்திருப்பதில் ஓட்டம் எதுவும் இழக்கவில்லை. உங்கள் விஷயத்தில் காத்திருக்கும் நாட்களிலும் ஓட்டம் இருந்தால், அந்த இழப்பை 21.6இலிருந்து கழியுங்கள். முற்பண விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: திகதி, வாகன இலக்கம், கழியுமா கழியாதா என்பது. வாய்ப்பேச்சில் விட்ட முற்பணம் இந்த மரத்தில் எந்தக் கிளையிலும் நிற்காது.

கொம்பனிக்குள்ள தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார். அவர் சொல்றதை வச்சு வாங்கலாமா? அனேகமா சரியாத்தான் சொல்வார்.

“அனேகமா” எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போம். நூறு தடவை இதே நிலைமை வருகிறது என்று வையுங்கள். 40 தடவை முழு ஒப்பந்தம்: அதில் 36 தடவை “நல்லா இருக்கு” என்கிறார், 4 தடவை “சந்தேகம்”. 40 தடவை பாதி: 24 நல்லது, 16 சந்தேகம். 20 தடவை இல்லை: 6 நல்லது, 14 சந்தேகம். கெட்டிக்கார மனிதர்தான்.

அவர் “நல்லா இருக்கு” என்று சொல்லும் 66 தடவையில் எது மேல்? ஒன்று வாங்குவது மொத்தம் 1,362 லட்சம், இரண்டு 924, வாங்காமல் இருப்பது 774. ஆக ஒன்று. அதைத்தான் அவரைக் கேட்காமலே செய்யப் போகிறீர்கள். அவர் “சந்தேகம்” என்று சொல்லும் 34 தடவையில் வாங்காமல் இருப்பது 4 × 15 + 16 × 9 + 14 × 3 = 246. ஒன்று வாங்குவது 238. இங்கே முடிவு மாறுகிறது, ஆனால் நூறு தடவைக்கும் சேர்த்து 8 லட்சம்தான் கூடுகிறது. ஒரு தடவைக்கு 8,000 ரூபாய்.

முழுத் தகவலின் மதிப்பு 8 லட்சம், இந்த நல்ல மனிதரின் வார்த்தையின் மதிப்பு 8,000. காரணம், அவர் எதைச் சொன்னாலும் நீங்கள் செய்யப்போவது பெரிதாக மாறவில்லை. ஒரு தகவல் உங்கள் முடிவை மாற்றும் அளவுக்குத்தான் அதற்கு மதிப்பு. அவருக்கு விருந்து வைத்து, பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சங்கிலி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் வருந்துகிறது, அந்தப் பணம் முற்பணத்துக்குப் போயிருக்க வேண்டியது.

லொறி விலை இறங்காது, வாங்கின விலைக்கே விக்கலாம்னு சொல்றாங்களே?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் வந்த வருடங்களில் பழைய லொறியின் விலை ஏறியே நின்றது. அந்தக் காலத்தில் வாங்கி விற்றவர்கள் சொல்வது அவர்கள் அனுபவத்துக்கு உண்மை. இறக்குமதி 2025இல் மறுபடி திறந்துவிட்டது. அந்த விலையைக் கணக்கில் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். நமக்கு ஓட்டம் இல்லாத வருடத்தில் பக்கத்து லொறிக்காரருக்கும் இருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவார்கள். ஆகவே “கிடைக்கவில்லை” நுனியில் விலை இறக்கம் 10க்குப் பதில் 16 என்று போட்டால், −14 என்பது −20 ஆகும். ஒன்று வாங்குவதன் மதிப்பு 14.8க்கு இறங்கும். முடிவு மாறவில்லை, ஆனால் அந்த நுனி உங்களைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

தவணை கட்ட முடியாம போனா? மரம் அதைச் சொல்லுமா?

சொல்லாது. எதிர்பார்க்கும் பண மதிப்பு ஒரு ரூபாய் லாபத்தையும் ஒரு ரூபாய் நட்டத்தையும் ஒரே எடையாகப் பார்க்கிறது. பத்து லொறி வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இரண்டு லொறி வைத்திருப்பவருக்கு ஒரு கெட்ட வருடம் வீட்டுப் பத்திரம்வரை போகலாம்.

அதனால் கெட்ட கிளைக்கு மட்டும் தனியாகக் காசுக் கணக்குப் பாருங்கள். 75 லட்சத்தில் 50 லட்சம் லீசிங், நான்கு வருடம், குறைந்து செல்லும் மீதிக்கு 12 வீதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,32,000 ரூபாய், வருடத்துக்கு 15.8 லட்சம். 100 ஓட்டத்தில் 22 லட்சம் வருகிறது. சம்பளம், காப்புறுதி, திருத்தம் 17 லட்சம். கையில் 5 லட்சம். தவணைக்கு 10.8 லட்சம் குறைகிறது, மாதத்துக்கு 90,000 ரூபாய். அதைப் பழைய இரண்டு லொறிகளும் வீட்டுச் செலவுபோகத் தர முடியுமா? முடியும் என்றால் மரம் சொன்னபடி செய்யுங்கள். முடியாது என்றால், மரம் 16 லட்சம் என்று சொன்னாலும் கடிதத்துக்குமுன் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதை லெப்டொப்பில் போட முடியுமா?

முடியும், எக்செலில். B2 முதல் D2 வரை வாய்ப்புகள், B3 முதல் D5 வரை அட்டவணையில் உள்ள ஒன்பது தொகைகள். பிறகு இவற்றை அந்தந்தக் கட்டத்தில் தட்டுங்கள்:

```
E3: =SUMPRODUCT($B$2:$D$2,B3:D3)
B6: =MAX(B3:B5)
E6: =SUMPRODUCT($B$2:$D$2,B6:D6)
E7: =E6-MAX(E3:E5)
```

E3ஐ E4, E5க்கும், B6ஐ C6, D6க்கும் இழுத்துவிடுங்கள். E6இல் 24, E7இல் 8 வர வேண்டும். வந்தபின் என் எண்களை அழித்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். வாய்ப்புகள் மூன்றும் கூட்டினால் 1 வருகிறதா என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதைக் குறைக்க மறப்பது எல்லோருக்கும் நடக்கிறது.